இடைவெளி நிரம்பிய படம்

அந்தப் படம் திரையில் வந்ததும் எங்கள் பேராசிரியர் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். நான் தட்டவில்லை. படத்தைக் காட்டிக்கொண்டிருந்த அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

ஜொகூர் பாருவுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் நான் ஆய்வு உதவியாளராக இருந்த இரண்டாவது வருடம் அது. ஸீப்ரா மீன் என்கிற கோடு போட்ட சின்ன மீனின் கருக்களை வைத்து வேலை செய்யும் சின்ன ஆய்வுக்கூடம். அவள் அங்கே முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள், என்னைவிட நான்கு வயது மூத்தவள். செட்டிநாட்டுப் பூர்வீகம்; அப்பா வக்கீல், அம்மா பல் மருத்துவர். என் அப்பா கோத்தா திங்கியில் செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பார்த்தவர். கூடத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்பதால், சேர்ந்த புதிதில் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். பேராசிரியர் மலாய்க்கார அம்மா. எல்லாரும் அவரை ப்ரோஃப் என்றுதான் சொல்வோம்.

ஒரு மூலிகை நிறுவனம் எங்களுக்கு ஒரு இலைச்சாறு கொடுத்திருந்தது. கர்ப்பிணிப் பெண்கள் குடிக்கிற பானமாக அதை விற்பது அவர்கள் திட்டம். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு நல்லது என்று போத்தலில் எழுத வேண்டுமென்றால் கையில் ஏதாவது ஆதாரம் வேண்டும். மீன் கரு கண்ணாடி மாதிரி இருக்கும், ஒரே நாளில் தலையும் வாலும் வந்துவிடும், அதனால் எங்களிடம் வந்தார்கள். அந்த வேலை அவளுடைய ஆய்வேட்டின் முக்கியமான அத்தியாயம் ஆனது.

திரையில் இரண்டு கருக்கள் பக்கம் பக்கமாக இருந்தன. கரு உருவாகிப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகாத நிலை. அந்த நேரத்தில் அதன் முதுகுப் பக்கம் நடுக்கோட்டுக்கு இந்தப் புறம் மூன்று, அந்தப் புறம் மூன்று என்று வரிசைகளில் முதல் நரம்பு செல்கள் தோன்றும். நரம்பாகிவிட்ட செல் மட்டும் ஊதா நிறமாகத் தெரியும்படி சாயம் ஏற்றுவோம். இடது பக்கம் சாறு போடாத கரு: ஒரு ஊதாப் புள்ளி, கொஞ்சம் வெள்ளை இடைவெளி, அடுத்த புள்ளி. வலது பக்கம் சாறு போட்ட கரு: இடைவெளியே இல்லாமல் அடர்ந்த ஊதாக் கோடுகள்.

“நரம்பு செல்கள் இரண்டு மடங்குக்கு மேல். சாறு நரம்பு வளர்ச்சியைத் தூண்டுகிறது,” என்று அவள் ஆங்கிலத்தில் முடித்தாள்.

நான் கை தூக்கினேன். “அந்த வரிசையில் மொத்தம் எத்தனை செல் இருந்தது? நரம்பு ஆனதும் ஆகாததும் சேர்த்து?”

“அதை எண்ணவில்லை.”

“அப்படியென்றால் வளர்ந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இடைவெளியில் இருந்த செல்கள்தான் நரம்பாகியிருக்கின்றன. இது நாட்ச் வேலை செய்யாதபோது வருகிற படம்.”

ப்ரோஃப் முகம் சுருங்கியது.  அவள் அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.

நான் சொன்னது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. அந்த வரிசையில் இருக்கிற எல்லா செல்லுக்கும் தொடக்கத்தில் நரம்பாகும் தகுதி உண்டு. ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பில் டெல்டா என்கிற புரதத்தை நீட்டி வைத்திருக்கும். பக்கத்து செல் அதை நாட்ச் என்கிற புரதத்தால் தொட்டு உணரும். தொட்டதும் அந்த நாட்ச் உள்ளே அறுபடும். அறுந்த துண்டு செல்லின் உட்கருவுக்குப் போய், நரம்பாகும் முயற்சியை அடக்குகிற மரபணுக்களை எழுப்பிவிடும். அடங்கின செல் தன்னுடைய டெல்டாவையும் குறைத்துக்கொள்ளும். ஆகவே கொஞ்சம் முந்தின செல் மேலும் முந்தும், அதைச் சுற்றி இருப்பவை பின்தங்கும். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே இடைவெளி வருவது இப்படித்தான். பின்தங்கியவை வீணாகப் போவதில்லை. அவை பிரிந்து பெருகி, பிறகு வர வேண்டிய நரம்பு செல்களையும் நரம்பைத் தாங்குகிற கிளையா செல்களையும் கொடுக்கும். இந்தத் தொடர்பை நடுவில் தடுத்துவிட்டால் அடக்க ஆள் இருக்காது. எல்லாம் ஒரே நேரத்தில் நரம்பாகிவிடும். முதல் நாள் பார்க்கிறவனுக்கு நரம்பு நிறைய. ஆனால் பிறகு வேண்டியதற்குக் கையிருப்பு இருக்காது.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் படிக்கட்டுப் பக்கம் அவள் என்னை நிறுத்தினாள்.

“எல்லார் முன்னாடியும்தான் கேக்கணுமா?”

“கூட்டத்துல கேக்காம எங்க கேக்கறது அக்கா?”

“என் மேசை பத்தடி தூரத்துல இருக்கு. வந்து கேட்டிருக்கலாம். உனக்குக் கேக்கறது முக்கியம் இல்ல, நான் முழிக்கறத நாலு பேர் பாக்கணும்.”

“நீங்க எண்ணாதது என் தப்பா?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “எஸ்டேட்ல லைன் வீட்டுல சண்ட போடற மாதிரி இங்க வந்து போடாத.”

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில் பிறந்தவள் இல்லை நான். அது அவளுக்கும் தெரியும். அன்றோடு அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்தினேன். பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. எதுவும் சொல்லாமல் அவள் பக்கம் பார்த்துப் பேசுவேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கூடத்தில் நடந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயம். மைக்ரோஸ்கோப்புக்கு நான் எழுதி வைத்த நேரத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள். அவள் கலக்கி வைத்த கரைசலை நான் கேட்காமல் எடுத்து முடித்துவிடுவேன். மாலையில் ஆண் மீனையும் பெண் மீனையும் ஒரே தொட்டியில் தடுப்புப் போட்டு விட வேண்டும், காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தால் முட்டை போடும். எனக்கு முன்னால் வந்து என் தொட்டித் தடுப்பையும் அவள் எடுத்துவிட்டால், என் முட்டைகளின் வயதை நான் சரியாகச் சொல்ல முடியாது. ஒருமுறை அப்படி நடந்தது. தவறிப்போய் எடுத்தேன் என்றாள். அடுத்த வாரம், கருக்களை இளஞ்சூட்டில் வைத்து வளர்க்கும் அடையறையில் அவளுடைய தட்டு பின்னால் தள்ளப்பட்டிருந்தது. அதைத் தள்ளியது நான்தான். கேட்டபோது இல்லை என்றேன்.

பெர்மாஸ் ஜெயாவில் நான் வாடகைக்கு இருந்த அறையில் என்னோடு தங்கியிருந்த பெண் ஒரு நாள், “எப்ப பாத்தாலும் அவளப் பத்தியே பேசற. வேற ஆள் இல்லையா லா அங்க?” என்றாள். அதற்கப்புறம் அவளிடமும் பேசுவதை நிறுத்தினேன்.

மொத்த செல்களை நானே எண்ணினேன். ஒவ்வொரு உட்கருவும் ஒளிரும்படி ஒரு சாயம் போட்டு, சாறு போட்டதிலும் போடாததிலும் ஒரே நீளத்துக்கு வரிசையை அளந்து எண்ணினேன். மொத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான். நரம்பு கூடின அளவுக்கு நரம்பாகாத செல் குறைந்திருந்தது. ப்ரோஃபிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“இது அவளுடைய ஆராய்ச்சி,” என்றார் அவர். “உன் வேலை மீன்களைப் பார்ப்பது.”

“கர்ப்பிணிகள் குடிக்கிற பானம் ப்ரோஃப்.”

“மீன் முட்டையைத் தண்ணீரில் போடுவதும் மனுஷி குடிப்பதும் ஒன்றில்லை என்று உனக்குத் தெரியும்.”

“அது உண்மையென்றால் மூளைக்கு நல்லது என்றும் மீனை வைத்துச் சொல்ல முடியாதே.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “சரி. இரண்டு நாள் வரைக்கும் வளர்த்துப் பார். உன் நேரத்தில்,” என்றார்.

வளர்த்தேன். மீன் கருவின் உடல் நெடுக, பின்னால் தசையாகப் போகிற சின்னக் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். கருவின் வயதையே அவற்றை எண்ணித்தான் சொல்வோம். சாற்றில் வளர்ந்தவற்றில் முன்பக்கத்துக் கட்டங்கள் சில ஒழுங்காக இருந்தன. அதற்குப் பின்னால் எல்லாம் எல்லை கலைந்து, கிறுக்கின மாதிரி இருந்தன. வால் வளைந்திருந்தது. அவள் குறிப்பேட்டைப் புரட்டினால், அவளுக்கும் அப்படிப்பட்ட கருக்கள் வந்திருக்கின்றன. ‘சாறு அதிகம், நச்சு’ என்று எழுதி விலக்கியிருக்கிறாள். வெறும் நச்சு என்றால் கரு முழுக்கப் பழுதாகும். முன்னால் சில கட்டங்கள் நன்றாக இருந்து பின்னால் மட்டும் கலைவது நாட்ச் கெட்டால் வருகிற கோளாறு. கட்டங்கள் முறையாக வெட்டுப்படவும் அதே நாட்ச் வேண்டும்.

என் கையில் இரண்டு முறை செய்த முடிவு இருந்தது. மூன்றாவது முறைக்கான மீன்கள் அடையறையில் இருந்தபோது கோத்தா திங்கியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஆறு ஏறுகிறது என்று அம்மா போன் செய்தார். அப்பாவுக்கு முட்டியில் அறுவை நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கூடத்து வாட்ஸாப் குழுவில், ‘இரண்டு நாள் என் தட்டுகளைத் தொட வேண்டாம், தண்ணீர் மட்டும் மாற்றுங்கள்’ என்று எழுதிவிட்டுக் கிளம்பினேன். பாதி வழியில் சாலையை மூடிவிட்டார்கள். சுற்றிப் போய் அப்பாவைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்து மண்டபத்துக்குப் போனோம். திரும்பி வர நாலு நாள் ஆனது.

அடையறையில் என் அடுக்கு காலியாக இருந்தது. கழுவுதொட்டி பக்கம் என் கையெழுத்து இருந்த தட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

அவள் தன் மேசையில் இருந்தாள்.

“என் மீன் எங்க?”

“கொன்னுட்டேன்.”

“தொடாதீங்கன்னு எழுதியிருந்தேன்.”

“ரெண்டு நாள்னு எழுதியிருந்த. மூணாவது நாளும் வரல. வால் வளைஞ்சு, தொட்டா அசையாம கெடந்துச்சு. ஊனமான மீன அப்படியே வெச்சிருக்கக் கூடாதுன்னு விதி சுவத்துலயே ஒட்டியிருக்கு. படிச்சுப் பாரு.”

“மருந்து போட்டு, கெடாம இருக்க ஃபிக்ஸ் பண்ணியிருக்கலாமே. சாயம் ஏத்தறதுக்காவது மிச்சம் இருந்திருக்கும்.”

“நீ சொல்லல.”

“தெரிஞ்சே செஞ்சீங்க.”

“ஆமான்னா என்ன பண்ணுவ? இல்லன்னா நம்புவியா?”

இன்றுவரை எனக்குத் தெரியாது. விதி இருந்தது உண்மை. அவள் ஃபிக்ஸ் பண்ணியிருக்க முடியும் என்பதும் உண்மை. அன்று சாயங்காலமே அவள் ப்ரோஃபுக்கு எழுத்தில் புகார் கொடுத்தாள்: மீன்களைக் கவனிப்பாரில்லாமல் விட்டுப் போனேன் என்று. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வெள்ளம் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

நான் கடிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு ப்ரோஃப் அறைக்குப் போனேன். நிறுவனத்துக்கு அனுப்பும் அறிக்கையில் என் எண்ணிக்கையும் சேரவில்லையென்றால் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவிடம் நானே கொடுப்பேன் என்று சொன்னேன்.  பயம் வரவில்லை, கோபம்தான்.

அவர் அவளையும் கூப்பிட்டார். இரண்டு பேரையும் நிற்க வைத்தே பேசினார்.

“எது இதைத் தீர்க்கும் என்று சொல்லுங்கள். சண்டை எனக்கு வேண்டாம்.”

நான் சொன்னேன்: நாட்ச் வேலை செய்யும் செல்லில் மட்டும் எழுகிற ஒரு மரபணு இருக்கிறது, சாறு போட்டதில் அது அணைகிறதா என்று பார்க்கலாம். அதோடு, நாட்சின் அறுந்த உள்துண்டைத் தயாரிக்கும் ஆர்என்ஏவை ஒரு செல் நிலையிலேயே முட்டைக்குள் ஊசியால் ஏற்றலாம். சாறு நாட்ச் அறுபடுவதையோ அதற்கு முந்தின படியையோ தடுக்கிறது என்றால், ஏற்கெனவே அறுந்த துண்டைக் கொடுத்தபின் சாற்றால் ஒன்றும் செய்ய முடியாது. நரம்பு குறைய வேண்டும்.

“யார் ஊசி போடுவது?” என்றார் ப்ரோஃப்.

நான் தரையைப் பார்த்தேன். ஊசி போடுவதில் அந்தக் கூடத்தில் கை வந்தவள் அவள் ஒருத்திதான். நான் போட்டால் பாதி முட்டை உடைந்துவிடும்.

“நான் போட மாட்டேன்,” என்றாள் அவள். “முடிவு இவளுக்குப் பிடிக்கலன்னா நான் கெடுத்துட்டேன்னு சொல்லுவா.”

“போடு,” என்றார் ப்ரோஃப்.

அவள் ப்ரோஃப் பக்கம் திரும்பினாள். “அப்படின்னா குழாய்க்கெல்லாம் வேற யாராவது எண் போடட்டும். எது எதுன்னு எனக்கும் தெரியக் கூடாது, எண்ணறப்ப இவளுக்கும் தெரியக் கூடாது.”

அந்த யோசனை எனக்கு வந்திருக்க வேண்டும். அவளுக்கு வந்தது.

எண்களைப் ப்ரோஃபே போட்டுப் பட்டியலைப் பூட்டி வைத்தார். மூன்று காலை அவள் ஊசி போட்டாள். நான் பக்கத்தில் முட்டைகளை வரிசைப்படுத்திக் கொடுத்தேன். ஆர்என்ஏவோடு கலந்த சிவப்புச் சாயச் சொட்டு முட்டைக்குள் விழுகிறதா என்று பார்த்து, விழாததை ஒதுக்கினாள். ஒரு முட்டையைக்கூடச் சும்மா தள்ளவில்லை. அந்த மூன்று காலையும் ‘அடுத்தது’ என்கிற சொல்லைத் தவிர அவள் என்னிடம் எதுவும் பேசவில்லை. அவள் கை எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் பொறாமையிலும் வெறுப்புக் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

சாயம் ஏற்றி முடிக்க மூன்று நாள் ஆகும். நான் எண்ணினேன். எண்ணி முடித்த தாளைப் ப்ரோஃப் தன் பட்டியலோடு வைத்து, எங்கள் இருவர் முன்னால் வரி வரியாக வாசித்தார். சாறு மட்டும் போட்டதில் இடைவெளிகள் நிரம்பியிருந்தன. நாட்சுக்கு எழும் மரபணு கிட்டத்தட்ட அணைந்திருந்தது. சம்பந்தமில்லாத ஆர்என்ஏவை ஏற்றிச் சாறு போட்டதிலும் அப்படியே. நாட்சின் உள்துண்டை ஏற்றியவற்றில் சாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நரம்பு செல்கள் அங்கொன்று இங்கொன்றுதான்.

“ஆக, தடுக்கிறது,” என்றார் ப்ரோஃப். “எதைத் தொட்டுத் தடுக்கிறது என்று இன்னும் தெரியாது.”

“தெரியாது,” என்றேன்.

அவள் தாளை வாங்கி ஒருமுறை முழுதாகப் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த அறையில் இருந்த நிமிடத்தில் கர்ப்பிணிப் பெண்கள் யாரும் என் நினைவில் இல்லை. இவள் விழுந்தாள் என்பதுதான் என் சந்தோஷம்.

அவள் விழவில்லை. அதுதான் பிறகு நடந்தது. இரண்டு நாள் மீன்களை மறுபடி வளர்த்தோம், இந்த முறை அவளே ஃபிக்ஸ் பண்ணினாள். பிந்தி வர வேண்டிய இயக்க நரம்புகள் சாற்றில் வளர்ந்தவற்றில் அனேகமாக இல்லை. கிளையா செல்களும் குறைச்சல். அவள் தன் அத்தியாயத்தை முழுக்கக் கலைத்து எழுதினாள். நரம்பு வளர்ச்சியைத் தூண்டும் சாறு என்றிருந்தது, நாட்ச் தொடர்பைத் தடுக்கும் சாறு என்று ஆனது. பழைய அத்தியாயத்தைவிட இது நல்ல அத்தியாயம். கட்டுரையில் அவள் பெயர் முதலில், என் பெயர் மூன்றாவதாக. நான் ப்ரோஃபிடம் கேட்டேன்.

“ஊசி போட்டது அவள், எழுதியது அவள்.”

“கேள்வி என்னுடையது.”

“கேள்விக்கு மூன்றாம் இடம் கொடுத்திருக்கிறேன்,” என்றார்.

நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்து ஒரு மணி நேரம் அறையில் கதவைச் சாத்திப் பேசிவிட்டுப் போனார்கள். திட்டம் அத்தோடு நின்றது. அந்த இலையில் பானம் எதுவும் கடையில் வந்ததாக நான் பார்க்கவில்லை. வேறு பெயரில் வந்திருந்தால் எனக்குத் தெரியாது. திட்டம் நின்றதால் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதமும் என் கோப்பில் அப்படியே இருந்தது.

கடைசி நாள் சாவியையும் குறிப்பேடுகளையும் ஒப்படைக்க வேண்டும். ப்ரோஃப் வெளியூரில் இருந்ததால் வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள். ஒவ்வொரு குறிப்பேட்டையும் திறந்து பக்க எண்களைச் சரிபார்த்தாள். வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறாள் என்று நினைத்தேன். ஒரு பக்கத்தில் தேதி இல்லை என்றாள். எழுதிக் கொடுத்தேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு, தாளை என் பக்கம் தள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்: “நீ சொன்னது சரிதான். அன்னைக்கே தெரியும். நீ கேட்டப்பவே மொத்தம் எண்ணியிருக்கணும்னு தோணுச்சு.”

நான் தாளுக்குக் கை நீட்டினேன்.

“சரியா சொன்னதுக்காக உன்ன எனக்குப் பிடிச்சிடாது.”

“எனக்கும் உங்களப் பிடிக்கல.”

“தெரியும்,” என்றாள். தாளைக் கொடுத்தாள்.

மீன்களைப் பற்றிய கேள்வி வாய் வரை வந்தது. அந்த நாலு நாளில் வேண்டுமென்றேதான் செய்தாளா என்று. கேட்டால் பதில் சொல்லியிருப்பாள் என்றே இப்போது தோன்றுகிறது. கேட்கவில்லை. இரண்டில் எந்தப் பதிலும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அவளை வெறுத்துக்கொண்டே இருக்க எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது.

இப்போது நான் சிங்கப்பூரில் ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். தினமும் விடிவதற்குள், ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குக் கடக்கும் பாலத்தில் வரிசையில் நிற்கிறேன். இந்தக் கூடத்தில் யாருக்கும் யார் மேலும் பெரிய கோபம் இல்லை. இரத்த மாதிரி வரும், அளப்போம், அனுப்புவோம். போன வருடம் கட்டுரை வெளிவந்தது. பேருந்தில் நின்றபடி போனில் திறந்து, முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வரிசைகளின் கீழே, மொத்த செல் எண்ணிக்கைக்கான சின்ன வரைபடம் ஒன்றை அவள் சேர்த்திருந்தாள். என் எண்களை எடுக்கவில்லை. படக்குறிப்பின்படி முழுவதையும் புதிதாகத் தானே எண்ணியிருந்தாள். என்னுடையதோடு ஒத்துத்தான் வந்திருந்தது.